வெளிநாட்டுக் கம்பனி வேலையை விடும்போது: நோட்டீஸ் நாளும் லப்டொப் பார்சலும்

"அண்ணா, நான் கிளிநொச்சியில் வீட்டிலிருந்து நியூயோர்க்கில் உள்ள ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறேன். கொன்ராக்டர்தான், மாதம் 1,500 டொலருக்கு நானே இன்வொய்ஸ் போடுவேன். ஒக்டோபர் 5, திங்கட்கிழமை வேறு இடத்தில் சேர வேண்டும். ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. அவர்கள் அனுப்பிய லப்டொப்பும் மொனிட்டரும் என்னிடம் இருக்கின்றன. எப்போது மெயில் போட வேண்டும்? சாமான்களை என் காசிலா அனுப்ப வேண்டும்? கடைசி மாதக் காசைப் பிடித்துவிடுவார்களா?"

செப்டெம்பர் 3, வியாழன் மாலை ஏழு மணிபோல மெயிலை அனுப்பிவிடுங்கள். அதற்கு முந்தினாலும் பிழையில்லை, பிந்தக் கூடாது. சாமான் அனுப்பும் செலவு பெரும்பாலும் கம்பனியுடையதாகத்தான் இருக்கும், ஆனால் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கடைசிக் காசைப் பிடிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழி பெரும்பாலும் லப்டொப் வழியாகத்தான் வரும். அதனால்தான் நோட்டீஸையும் பார்சலையும் இரண்டு வேலையாக நினைக்காமல் ஒன்றாகத் திட்டமிடச் சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை செப்டெம்பர் 4 மெயில் போட்டால் முப்பது நாள் ஒக்டோபர் 4 உடன் முடிகிறது, திங்கள் புது வேலை என்று பலர் கணக்குப் போடுவார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, அறிவித்தல்கள் பற்றிய பந்தியை வாசியுங்கள். வேலை, சம்பளம், இரகசியம் எல்லாம் முடிந்தபிறகு, யாரும் வாசிக்காத இடத்தில் அது இருக்கும். மெயிலில் அனுப்பும் அறிவித்தல் அடுத்த வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று அமெரிக்க ஒப்பந்தங்கள் பலவற்றில் எழுதியிருப்பார்கள். வேலை நாள் என்றால் அவர்களுடைய வேலை நாள், நம்முடையது அல்ல.

இந்த முறை செப்டெம்பர் 7 திங்கள் அமெரிக்காவில் லேபர் டே. அது செப்டெம்பரின் முதல் திங்களில் வரும் பொது விடுமுறை. ஆகவே வெள்ளி போட்ட மெயில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் தாண்டிச் செவ்வாய் 8ஆம் திகதிதான் 'கிடைத்தது' ஆகும். மறுநாளில் இருந்து முப்பது எண்ணினால் ஒக்டோபர் 8. திங்கள் புது வேலையில் இருக்கும் நீங்கள், வியாழன் வரை பழைய கம்பனிக்கும் கட்டுப்பட்டவர் ஆகிறீர்கள். வியாழன் மாலையே அனுப்பினால் வெள்ளி 4ஆம் திகதி கிடைத்ததாகும், ஒக்டோபர் 4 ஞாயிறுடன் முடியும். நாம் வியாழன் இரவு ஏழு மணிக்கு அனுப்பும்போது நியூயோர்க்கில் அதே வியாழன் காலை ஒன்பதரை. கோடைகால நேரத்தில் நாம் அவர்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் முந்தி இருக்கிறோம், நவம்பரில் மணியைப் பின்னுக்கு வைத்தபிறகு பத்தரை. அவர்கள் ஒபிஸ் திறந்து உட்காரும் நேரத்தில் மெயில் மேலே நிற்பது நல்லது. நம் நேரம் வெள்ளி காலை எட்டு மணிக்கு அனுப்பினால் அங்கே வியாழன் இரவு பத்தரை. திகதி வியாழன்தான் என்றாலும், வேலை நேரத்துக்குப் பிறகு வந்தது மறுநாள் வந்ததாகும் என்று ஒரு வரி இருந்தால் அங்கேயும் ஒரு நாள் போய்விடும்.

உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது வெறும் 'நாள்' என்றால் சனி, ஞாயிறும் சேரும். 'வேலை நாள்' என்று இருந்தால் முப்பது என்பது ஆறு கிழமையாக நீளும். இதையும் ஒருதடவை சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயிலை யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் அதே பந்தியில்தான் இருக்கும். உங்கள் மனேஜருக்கு ஸ்லாக்கில் எழுதினால், அவர் 'சரி, வாழ்த்துகள்' என்று பதில் போட்டாலும், அது ஒப்பந்தப்படி நோட்டீஸ் ஆகாமல் போகலாம். ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட மெயில் முகவரிக்கு அனுப்பி, மனேஜருக்கும் உங்கள் சொந்த மெயிலுக்கும் பிரதி போடுங்கள். மனேஜரோடு முதலில் கதைப்பது மரியாதை. அதைச் செய்யுங்கள், ஆனால் கதைத்த அன்றே மெயிலும் போக வேண்டும். மெயில் நீளமாக வேண்டாம். எந்த ஒப்பந்தம், அதன் திகதி, எந்தப் பிரிவின்படி முடிக்கிறீர்கள், கடைசி நாள் எது, கடைசி வேலை நாள் ஒக்டோபர் 2 வெள்ளி என்பது, திருப்பித் தர வேண்டிய சாமான்கள் எவை, இனித் தொடர்புகொள்ள வேண்டிய சொந்த மெயிலும் போன் நம்பரும். ஏன் போகிறீர்கள் என்று விளக்க வேண்டிய கடமை கிடையாது. நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் இரண்டு பக்கம் எழுதுவார்கள்: அம்மாவுக்குச் சுகமில்லை, மின்சாரம் சரியில்லை என்று. அதில் ஒன்றும் தேவையில்லை.

நோட்டீஸ் நாட்களுக்கு என்ன காசு என்பதை இப்போதே யோசியுங்கள். நீங்கள் கொன்ராக்டர் என்பதால் ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை, மிச்ச லீவுக்குக் காசு போன்ற எதையும் இங்கே எதிர்பார்க்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு உண்டானது. இன்வொய்ஸ் போடாமல் சம்பளச் சீட்டு வாங்கி, அதில் சேமலாப நிதி கழிபட்டிருந்தால் கதை வேறு. அப்படி வாங்குபவர்கள் இங்கே பதிந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களுக்கு இலங்கைத் தொழில் சட்டம் பொருந்தும். இந்தப் பதில் அவர்களுக்கானது அல்ல.

மாதக் கணக்கில் காசு வாங்குபவர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மணித்தியாலக் கணக்கில் வாங்குபவருக்கு நோட்டீஸ் கொடுத்த மறுநாளே வேலை தராமல் விட்டுவிடலாம், முப்பது நாளும் பூச்சியமாகப் போகும். உங்களுக்குச் செப்டெம்பர் முழு மாதம், பிறகு ஒக்டோபரில் ஒரு துண்டு. அந்தத் துண்டைப் பிரிக்க இரண்டு வழி இருக்கிறது. நாட்காட்டி நாளில் பிரித்தால் 31 நாளில் 4 நாள், அதாவது 193.55 டொலர். வேலை நாளில் பிரித்தால் ஒக்டோபரில் உள்ள 22 வேலை நாளில் 1ஆம், 2ஆம் திகதிகள் மட்டும், அதாவது 136.36 டொலர். வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் இன்வொய்ஸைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பினால் காசு அடுத்த சுற்றுக்குத் தள்ளிப் போகும். எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே ஒரு வரி கேட்டு வைத்தால் வேலை முடிந்தது.

நோட்டீஸ் கொடுத்த அன்றே கணக்குகளைப் பூட்டிவிடும் கம்பனிகளும் உண்டு. கோபத்தில் செய்வதில்லை, அது அவர்களின் பாதுகாப்பு நடைமுறை. அப்படி நடந்தாலும் மீதி நாளுக்குக் காசு உண்டா என்பது முடிவுறுத்தல் பிரிவைப் பொறுத்தது. நோட்டீஸ் காலத்தைக் கம்பனி விட்டுக்கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தால் இல்லைதான். ஆகவே அனுப்பு பட்டனை அமத்துவதற்கு முன் சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும்.

முக்கியமானது மெயில் முகவரி. காசு வரும் தளத்தில், அது பேயோனியராக இருந்தாலும் டீலாக இருந்தாலும், கம்பனி மெயிலால் பதிந்திருந்தால் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். கம்பனி மெயில் பூட்டப்பட்டால் கடவுச்சொல்லை மீட்கும் குறியீடும் அங்கேதான் போய் விழும். ஒப்பந்தம், போட்ட இன்வொய்ஸ்கள், காசு வந்த பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து இப்படி வெளிநாட்டில் இருந்து வரும் சேவை வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு, உச்ச வீதம் 15 சதவீதம். இறைவரித் திணைக்களம் கேட்கும்போது காட்ட வேண்டியவை இந்தத் தாள்கள்தான். அவை உங்களுடையவை, எடுக்கலாம். ஆனால் வேலைக் கோப்புகள், கோட், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் தொட வேண்டாம். நோட்டீஸ் கொடுக்கும் கிழமையில் யாராவது நிறையக் கோப்பு இறக்கினால் அவர்களின் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொன்னால் இது ஏன் என்று விளங்கும். நோட்டீஸ் கொடுத்த இரவே கணக்கைப் பூட்டினார்கள். லப்டொப்பைத் திருப்பி அனுப்பக் கூரியர் லேபலும் அனுப்பினார்கள், ஆனால் பூட்டிய கம்பனி மெயிலுக்கே அனுப்பினார்கள். அவர்களின் பதிவில் லேபல் கொடுத்தாகிவிட்டது, ஆள் சாமானைத் தரவில்லை. அவன் லேபல் வரும் என்று காத்திருந்தான். ஒப்பந்தத்தில் சொன்ன நாட்கள் கடந்ததும் புது லப்டொப்பின் விலையைக் கடைசி இன்வொய்ஸில் கழித்துவிட்டு மீதியை அனுப்பினார்கள். ஒப்பந்தப்படி அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. நோட்டீஸ் மெயிலில் சொந்த மெயிலையும் போன் நம்பரையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். 'கழித்துக்கொள்ளலாம்' என்ற அந்த வரி உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், 'அனுப்பியிருக்க' வேண்டுமா 'கிடைத்திருக்க' வேண்டுமா என்று பாருங்கள். கிடைத்திருக்க வேண்டும் என்றால், இங்கிருந்து போகும் பார்சலுக்குப் பத்து நாள் இறுக்கமானது. கூரியரிடம் ஒப்படைத்த நாளையே கணக்கில் எடுக்கும்படி மெயிலில் கேட்டு, சரி என்று பதில் வாங்குங்கள்.

இனிச் சாமான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'உண்மையிலேயே இரண்டும் வேண்டுமா?' இது இரப்பது அல்ல, கணக்கு. விமானக் கூரியரில் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரித்து வரும் கிலோவையும் பார்ப்பார்கள். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. லப்டொப் பெட்டி 45, 35, 12 என்று வைத்தால் 3.8 கிலோ வரும். மொனிட்டர் பெட்டி 65, 45, 20 என்றால் 11.7 கிலோ, தராசில் ஐந்து கிலோதான் காட்டினாலும். கண்ணாடித் திரை உடையும் ஆபத்தும் சேர்ந்தால், பாவித்த மொனிட்டரை நியூயோர்க் வரை கொண்டுபோக எந்தக் கணக்குப் பிரிவும் விரும்பாது. இந்த அளவுகளை எழுதி, மொனிட்டரை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால், அது உங்களுக்கு உரிமையாகக் கொடுக்கப்பட்டது என்று ஒரு மெயில் வேண்டும். வாய்ப் பேச்சு போதாது.

லப்டொப்பையே வைத்துக்கொள் என்று சொன்னாலும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கம்பனி லப்டொப் அவர்களின் மேலாண்மைத் தளத்தில் சீரியல் நம்பரால் பதிந்திருக்கும். அந்தப் பதிவை அவர்கள் நீக்காவிட்டால், நீங்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டாலும் இணையத்தில் இணைந்ததும் கம்பனிக் கணக்கைக் கேட்கும் திரையில் வந்து நிற்கும். மக்புக் என்றாலும் அதே கதைதான். பதிவை நீக்கிவிட்டோம் என்று எழுதி வந்தால்தான் அது உங்கள் லப்டொப்.

திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்றால், அவர்களின் கூரியர் கணக்கில் முன்கட்டணம் கட்டிய லேபலைக் கேளுங்கள். கம்பனிக் கணக்குக்குக் கிடைக்கும் விலைக்கழிவு, கவுண்டரில் போய் நிற்கும் உங்களுக்குக் கிடைக்காது. 'நீங்கள் கட்டுங்கள், பிறகு தருகிறோம்' என்று சொன்னால் கடைசி இன்வொய்ஸிலேயே ஒரு வரியாகச் சேர்க்க அனுமதி கேளுங்கள். வேலை முடிந்தபிறகு தனியாகக் கேட்கும் காசு இழுபடும். ஒப்பந்தத்தில் 'கொன்ராக்டர் செலவில்' என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் அது உங்கள் தலையில்தான்.

லேபல் வரும்போது பார்சலை எங்கிருந்து எடுப்பார்கள் என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து எடுப்பது என்று போட்டிருந்தாலும், ஏ9 வீதியை விட்டு உள்ளே இருக்கும் வீட்டுக்கு நினைத்த நாளில் வண்டி வரும் என்று நம்பக் கூடாது. கூரியரின் கொழும்பு இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கதைத்து, வன்னிக்கு எந்தெந்த நாளில் வருவார்கள் என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் அவர்களின் ஏதாவது ஒரு கிளையில் நேரில் ஒப்படைக்கலாமா என்று கேட்டு, அந்த மாற்றத்தைக் கம்பனிக்கும் சொல்லுங்கள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவது நமக்குப் பழகிய வழிதான், ஆனால் இந்தச் சாமானுக்கு வேண்டாம். வழியில் ஏதாவது ஆனால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது, கையில் பற்றுச்சீட்டும் இருக்காது.

பார்சலோடு போகும் சுங்க இன்வொய்ஸில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். பாவித்த மடிக்கணினி, உரிமையாளருக்குத் திரும்புகிறது, விற்பனைக்கல்ல என்ற கருத்தை ஆங்கிலத்தில் எழுதி, மாதிரிப் பெயர், சீரியல் நம்பர், உற்பத்தி நாடு, 8471.30 என்ற சுங்கக் குறியீடு ஆகியவற்றைப் போடுங்கள். விற்பனை இல்லையே என்று பெறுமதியைப் பூச்சியம் என்று போடக் கூடாது, சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். புது விலையும் போடக் கூடாது. இன்றைய பாவித்த பெறுமதியைக் கம்பனியையே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். முன்பு 800 டொலருக்குட்பட்ட பார்சல் அமெரிக்காவுக்குள் தீர்வையின்றிப் போனது. 2025 ஓகஸ்ட் 29இல் இருந்து அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. ஆகவே அங்கே தீர்வை கேட்டால் கட்டுபவர் பெறுநர் என்று லேபலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அனுப்புநர் என்று இருந்தால் சில கிழமைக்குப் பிறகு உங்கள் பெயருக்குப் பில் வரும். அந்த லப்டொப் இங்கே வந்தபோது கிடைத்த கூரியர் தாள் இருந்தால் அதன் படமும் உதவும். வெளியே இருந்து வந்த பொருள்தான் திரும்பிப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பற்றரி பற்றியும் கேட்பார்கள். லப்டொப்புக்குள் பொருத்திய 100 வாற்-மணிக்கு மேற்படாத பற்றரி சாதாரண கூரியரில் போகும், அநேகமான லப்டொப்கள் அதற்குள்தான். உங்களுடையது எவ்வளவு என்றும் சீரியல் நம்பர் என்ன என்றும் விண்டோஸ் பவர்ஷெல்லில் இப்படிப் பார்க்கலாம்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
powercfg /batteryreport
```

இரண்டாவது கட்டளை ஒரு அறிக்கைக் கோப்பை உண்டாக்கும். அதில் DESIGN CAPACITY என்ற வரியில் 56,000 mWh என்று இருந்தால் 56 வாற்-மணி. பற்றரி உப்பி, அடிப்பகுதி மேசையில் சரியாக உட்காமல் ஆடினால், அல்லது டச்பாட் மேலே தள்ளி நின்றால், அதை விமானத்தில் அனுப்பவே முடியாது. படம் எடுத்துக் கம்பனிக்கு அனுப்பி அவர்களின் முடிவைக் கேளுங்கள். பவர்பேங்கோ தனிப் பற்றரியோ அதே பெட்டிக்குள் போகக் கூடாது. சார்ஜை 30 சதவீதம் அளவுக்கு இறக்கி, ஸ்லீப்பில் விடாமல் முழுதாக நிறுத்துங்கள்.

நிறுத்த முன் உங்கள் சொந்த ஜிமெயில், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மக் என்றால் சொந்த ஐகிளவுட் கணக்கு ஆகியவற்றில் இருந்து வெளியேறுங்கள். Find My இயங்கிக்கொண்டிருந்தால் அங்கே அதைத் திறக்க முடியாமல் மறுபடி உங்களைத் தேடுவார்கள். ஆனால் முழு லப்டொப்பையும் நீங்களாக அழிக்க வேண்டாம். அழிக்கச் சொல்லி அவர்களின் ஐடி பிரிவு எழுதினால் மட்டும் செய்யுங்கள்.

கட்டும்போது லப்டொப்பைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, ரெஜிபோம் வைத்த மட்டைப் பெட்டிக்குள் வைத்து, அதை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். ஒக்டோபர் பிற்பகுதி தொடக்கம் மழைதான், நனைந்த மட்டைப் பெட்டி கொழும்பு போய்ச் சேரும்போது வாய் பிளந்திருக்கும். படங்கள் வேண்டும்: இயங்கும் நிலையில் திரை, அடியில் சீரியல் நம்பர், நாலு மூலை, பெட்டிக்குள் வைத்தது, ஒட்டி முடித்தது, கடைசியாகக் கூரியர்காரர் ஒப்பமிட்ட தாள். சார்ஜரையும் அதே பெட்டியில் வையுங்கள். அது வரவில்லை என்று அதற்கும் கழிப்பவர்கள் உண்டு.

திட்டம் இப்படி அமைந்தால் நல்லது: ஒக்டோபர் 2 வெள்ளி வேலை முடியும்போது கணக்குகளில் இருந்து வெளியேறி, அன்றே கடைசி இன்வொய்ஸ் போட்டு, அடுத்த கிழமையின் முதல் பிக்கப் நாளில் பார்சலை ஒப்படைப்பது. ஒப்படைத்த மணித்தியாலத்திலேயே கூரியர் இலக்கத்தையும் படங்களையும் நோட்டீஸ் அனுப்பிய அதே மெயில் தொடரில் போடுங்கள். அங்கே கிடைத்தது என்று கூரியர் தளம் காட்டியதும், 'லப்டொப் நல்ல நிலையில் கிடைத்தது, வேறு சாமான் நிலுவையில்லை' என்று ஒரு வரி பதில் கேளுங்கள்.

அதற்குப் பிறகும் கழித்தால், எந்தப் பிரிவின்படி, எந்தப் பெறுமதிக் கணக்கில் கழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாவித்த சாமானுக்குப் புது விலையைக் கழித்திருந்தால், அவர்களே சுங்கத்துக்குச் சொன்ன பெறுமதியை அவர்களுக்கே காட்டலாம். அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போவது இந்தத் தொகைக்குக் கட்டுபடியாகாது. ஆனால் காசு டீல் போன்ற தளம் வழியாக வந்தால் அங்கே இன்வொய்ஸ் பற்றி முறைப்பாடு செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். கேட்கும்போது இணைக்க உங்களிடம் மெயில் தொடரும் படங்களும் ஒப்பமும் இருக்கும்.